ஒளிவளைவு ஆய்வில் எட்டு வார கோடைப் பயிற்சி கேட்டு ஒரு மின்னஞ்சல்: முதல் வரைவும் திருத்தி அனுப்பியதும்

முதலில் எழுதியது (அனுப்பவில்லை)

பொருள்: பயிற்சி வாய்ப்பு வேண்டி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய பேராசிரியர் அவர்களின் மேலான பார்வைக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி. சிறு வயது முதலே இரவு வானத்தைப் பார்த்து வியந்து வளர்ந்தவள். அந்த வியப்புதான் என்னை இயற்பியல் பக்கம் இழுத்து வந்தது. தங்கள் ஆய்வுகளைப் பற்றிப் படித்தபோது மெய்சிலிர்த்துப் போனேன். தாங்கள் துறைக்கு ஆற்றிவரும் பங்களிப்பு அளப்பரியது.

நான் கடின உழைப்பாளி. எதையும் விரைவாகக் கற்றுக்கொள்ளும் திறன் உண்டு. குழுவாகவும் தனியாகவும் பணியாற்றுவேன். பைத்தான், சி, மேட்லேப் ஆகியவற்றில் அனுபவம் உண்டு. வானியல், அண்டவியல், துகள் இயற்பியல், தரவு அறிவியல் என எல்லாவற்றிலும் ஆர்வம் உண்டு. தங்கள் ஆய்வகத்தில் எந்த வேலை கொடுத்தாலும் முழு மனதுடன் செய்யத் தயாராக இருக்கிறேன்.

ஏதேனும் வாய்ப்பு இருப்பின், தங்கள் பொன்னான நேரத்தில் சில நிமிடங்கள் ஒதுக்கி, இந்த எளியவளின் வேண்டுகோளைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதிவதனி

---

மறுநாள் காலை இதைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. பெறுநர் பெயரை மாற்றினால் வேதியியல் துறைக்கும் அனுப்பலாம், வங்கி மேலாளருக்கும் அனுப்பலாம். "மெய்சிலிர்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன், ஆனால் எதைப் படித்து என்று ஒரு சொல் இல்லை. "எந்த வேலை கொடுத்தாலும்" என்பது பணிவு மாதிரி தெரிந்தாலும், எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கும் பாரத்தை அவர் தலையில்தான் வைக்கிறது. சிறு வயது வானம், பொன்னான நேரம், எளியவள் எல்லாவற்றையும் தூக்கிவிட்டேன். மூன்று வாரமாக உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தேனோ, அதை மட்டும் வைத்துக்கொண்டேன். வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள் அதன் முன்னால் கடக்கும்போது, நேரத்தோடு ஒளி மாறுவதைக் காட்டும் ஒளிவளைவில் ஒரு பள்ளம் விழும். நட்சத்திரத்தின் சொந்த ஒளி மாற்றத்தை நீக்கிச் சமன்படுத்தும்போது அந்தப் பள்ளமும் குறைகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சமன்படுத்த ஒரு நேரத்தில் எத்தனை புள்ளிகளை எடுக்கிறோம் என்பதுதான் ஜன்னல் நீளம்.

---

திருத்தி அனுப்பியது

பொருள்: கோடைப் பயிற்சி (மே 18 – ஜூலை 10): ஒளிவளைவைச் சமன்படுத்தும்போது கடப்பின் ஆழம் குறைவது பற்றி

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம் மேடம். நான் இளநிலை இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. புறக்கோள் கடப்புகளைத் தேடும் உங்கள் குழுவில் இந்தக் கோடையில் எட்டு வாரம் பயிற்சி பெற இடம் இருக்குமா என்று கேட்க எழுதுகிறேன்.

நீண்ட சுற்றுக்காலம் கொண்ட கோள்கள் பற்றிய உங்கள் குழுவின் கட்டுரையில், நட்சத்திரத்தின் சொந்த ஒளி மாற்றத்தை நீக்கும் பகுதியைப் படித்தேன். ஜன்னல் நீளத்தை ஏன் அவ்வளவு பெரிதாக வைத்தீர்கள் என்று முதலில் புரியவில்லை. அதனால் டெஸ் விண்கலத்தின் 2 நிமிட இடைவெளித் தரவைப் போல ஒரு செயற்கை ஒளிவளைவு செய்து, அதில் 1% ஆழமுள்ள கடப்பு ஒன்றை நானே புகுத்திச் சோதித்தேன். 101 புள்ளி ஜன்னல் வைத்தபோது பள்ளத்தின் நடுப்பகுதி காணாமல் போனது மட்டுமல்ல, அங்கே சிறு மேடே எழுந்துவிட்டது. 901 வைத்தபோது 0.84% ஆழம் மிஞ்சியது. கடப்பு நேரத்தை மறைத்துவிட்டுச் சமன்படுத்தினால் 1% முழுதாகத் திரும்பக் கிடைத்தது. ஆனால் கடப்பு எப்போது நடக்கும் என்று தெரியாதபோது எதை மறைப்பது? அங்கேதான் நான் நிற்கிறேன்.

எட்டு வாரத்தில் செய்ய நினைப்பது ஒன்றுதான். வெவ்வேறு ஆழமும் கால அளவும் கொண்ட கடப்புகளை உண்மையான ஒளிவளைவுகளில் புகுத்தி, உங்கள் குழு பயன்படுத்தும் முறை அவற்றில் எவற்றைக் கண்டுபிடிக்கிறது, எவற்றைச் சுருக்கிக் காட்டுகிறது என்று ஓர் அட்டவணை தயாரிப்பது. இதைவிட உங்களுக்குத் தேவையான வேறு வேலை இருந்தால் அதையும் செய்கிறேன்.

பைத்தான், நம்பை, சைபை தினமும் பயன்படுத்துகிறேன். காஸியன் செயல்முறை பற்றிப் படித்திருக்கிறேன், கையால் செய்ததில்லை. புள்ளியியலில் ஒரு பருவம் படித்திருக்கிறேன். வாரம் 40 மணி நேரம் தர முடியும். நேரில் வரலாம், தொலைவிலிருந்தும் செய்யலாம்.

ஒரு பக்கக் குறிப்பும் நிரலும் கீழே உள்ளன. மதிப்பெண் பட்டியலை இணைத்திருக்கிறேன். உங்களுக்கோ உங்கள் ஆய்வு மாணவர் ஒருவருக்கோ 15 நிமிடம் கிடைத்தால் பேச விரும்புகிறேன். இந்த ஆண்டு இடம் இல்லையென்றால் "இல்லை" என்று ஒரு வரி போதும்.

நன்றி.
மதிவதனி

---

இணைப்பு: ஒரு பக்கக் குறிப்பு

கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கும்போது ஒளி எவ்வளவு குறைகிறதோ அதுதான் கடப்பின் ஆழம். ஏறக்குறைய அது கோளின் ஆரத்துக்கும் நட்சத்திரத்தின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கம். 1% ஆழம் என்றால் கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்கு. சூரியனுக்கு முன்னால் வியாழன் போவது போல. ஆகவே ஆழத்தில் பிழை வந்தால் கோளின் அளவிலும் பிழை வரும்.

நட்சத்திரமும் சும்மா இருப்பதில்லை. அதன் மேல் கரும்புள்ளிகள் வந்துபோகின்றன, அது சுழல்கிறது, ஒளி மெதுவாக ஏறி இறங்குகிறது. அந்த மெதுவான அலையை நீக்கச் சாவிட்ஸ்கி–கோலே வடிப்பான் ஒரு வழி. ஒரு ஜன்னலுக்குள் இருக்கும் புள்ளிகளுக்கு இருபடி வளைவு ஒன்றைப் பொருத்தி, அதை அடித்தளமாக வைத்து ஒளியை வகுக்கிறோம். சிக்கல் என்னவென்றால், கடப்பும் அந்த ஜன்னலுக்குள்தான் இருக்கிறது. ஜன்னல் சின்னதாக இருந்தால் வளைவு பள்ளத்துக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்துகொள்கிறது.

நான் எடுத்துக்கொண்ட கடப்பு 65 புள்ளி, அதாவது 2 மணி 10 நிமிடம். 101 புள்ளி ஜன்னல் 3 மணி 22 நிமிடம். 901 புள்ளி ஜன்னல் சுமார் 30 மணி நேரம்.

```python
import numpy as np
from scipy.signal import savgol_filter

f = np.ones(2001)
f[968:1033] -= 0.01   # 65 புள்ளி, 1% ஆழம்
for w in (101, 901):
    g = f / savgol_filter(f, w, 2)
    print(w, round((1 - g[1000]) * 100, 2))
```

விடை: 101-க்கு -0.12, 901-க்கு 0.84.

அந்தக் கழித்தல் குறியைப் பார்த்ததும் நிரலில் தவறு என்றுதான் நினைத்தேன். ஒரு மாலை முழுக்கக் குறியீட்டு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தவறு இல்லை. இருபடி வடிப்பானின் எடைகள் ஜன்னலின் நடுவில் நேர்மம், ஓரங்களில் எதிர்மம். நடுவில் உள்ள 65 புள்ளிகளின் எடைகளைக் கூட்டினால் 1.115 வருகிறது, 1-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் அடித்தளம் பள்ளத்தைவிடக் கொஞ்சம் கீழே போகிறது, வகுத்த பிறகு அங்கே மேடு தெரிகிறது. இதைக் காகிதத்தில் சூத்திரம் போட்டும் பார்த்தேன், நிரலின் விடையோடு ஒத்துப்போனது.

901-இல் அதே 65 புள்ளிகளின் எடை 0.162. ஆகவே ஆழத்தில் 16% போகிறது, கோளின் ஆரம் சுமார் 8% சிறிதாகத் தெரியும். சின்ன இழப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கடப்பு நீளமாக இருந்தால் கதை மாறுகிறது. சூரியனுக்கு முன்னால் பூமி கடப்பதைத் தொலைவிலிருந்து ஒருவர் பார்த்தால், அது சுமார் 13 மணி நேரம் நீடிக்கும், ஒளி பத்து லட்சத்தில் 84 பங்கு மட்டும் குறையும். அந்த 13 மணி நேரத்தை 901 புள்ளி ஜன்னலில் போட்டுப் பார்த்தால் நடு ஆழத்தில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. ஏற்கெனவே இரைச்சலில் புதைந்திருக்கும் சைகையில் எட்டில் ஏழு பங்கை நாமே அழித்துவிடுகிறோம்.

ஜன்னலை இன்னும் பெரிதாக்கினால் போதாதா என்றால், நட்சத்திரம் வேகமாகச் சுழலும்போது அதன் அலை நீங்காமல் அப்படியே நின்றுவிடும். மூன்று நாளுக்கு ஒருமுறை சுழலும் நட்சத்திரத்துக்கு ஆறு நாள் ஜன்னல் போட்டுப் பயன் இல்லை.

மேலே உள்ளது இரைச்சலே இல்லாத, பெட்டி வடிவக் கடப்பு. உண்மையில் நட்சத்திரத்தின் விளிம்பு மங்கலாக இருப்பதால் பள்ளத்தின் அடி வளைந்திருக்கும், தரவில் இடைவெளிகள் இருக்கும். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 வில்விநாடி அகலம், ஆகவே பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியும் கலந்து ஆழத்தை இன்னும் குறைக்கும். இவை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. பயிற்சியில் முதலில் தொட நினைப்பது இரைச்சலையும் இடைவெளிகளையும்தான்.

---

பத்து நாள் கழித்து, அதே மடலுக்குக் கீழே

வணக்கம் மேடம்,

கோடைப் பயிற்சி பற்றி எழுதியிருந்தேன், நினைவூட்டவே இந்த மடல். இதற்கிடையில் ஒன்று செய்து பார்த்தேன்: செயற்கை ஒளிவளைவில் வெண் இரைச்சல் சேர்த்து, ஜன்னலுக்குள் இருபடிப் பொருத்தத்துக்குப் பதில் நடுவெண் எடுத்தேன். 65 புள்ளிக் கடப்புக்கு 901 ஜன்னலில் ஆழம் ஏறக்குறைய முழுதாக நின்றது, ஏனென்றால் பள்ளம் ஜன்னலில் பாதிக்கு வெகு கீழே இருக்கிறது. 101-இல் பள்ளம் பாதியைத் தாண்டுவதால் அங்கே நடுவெண்ணும் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. படத்தை இணைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டு வாய்ப்பு இல்லையென்றால் தெரிவியுங்கள், மேற்கொண்டு தொந்தரவு செய்ய மாட்டேன். அப்போதும் ஒரு கேள்விக்கு மட்டும் விடை கிடைத்தால் நன்றாக இருக்கும்: உங்கள் கட்டுரையில் ஜன்னல் நீளத்தைக் கடப்பின் கால அளவை வைத்து முடிவு செய்தீர்களா, நட்சத்திரத்தின் சுழற்சியை வைத்தா?

நன்றி.
மதிவதனி