பள்ளி விவாத மன்றப் பயிற்சித் தொகுப்பு: 9, 10 ஆம் வகுப்பு மாணவர்களுக்கு

தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள நம் அரசு மேல்நிலைப் பள்ளியின் இலக்கிய மன்றத்தில் இந்தக் கல்வியாண்டில் விவாதத்திற்கெனத் தனிப் பிரிவு தொடங்கப்பட்டுள்ளது. வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடவேளைகள், ஆறு வாரங்கள் இதற்கு ஒதுக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டு வாரங்கள் மறுப்புப் பயிற்சிக்கும், அடுத்த மூன்று வாரங்கள் முழு விவாதங்களுக்கும், கடைசி வாரம் இறுதிச் சுற்றுக்கும் உரியவை.

பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய பலர் நம் மன்றத்தில் இருக்கிறார்கள். அவர்களின் குரலும் தெளிவான உச்சரிப்பும் இங்கேயும் பயன்படும். ஆனால் மனப்பாடம் செய்த உரையை எதிரணி என்ன சொன்னாலும் மாற்றாமல் ஒப்பிப்பவர் விவாதம் செய்யவில்லை, அடுத்தடுத்த முறையில் தனியே பேசிவிட்டு அமர்கிறார். விவாதம் கேட்பதில் தொடங்குகிறது. இந்தத் தொகுப்பில் மறுப்புக்கு மற்றவற்றைவிட அதிக இடம் கொடுத்திருப்பதற்கு அதுவே காரணம்.

விவாத முறை

அணிக்கு மூவர். ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளர் தொடங்குவார். அதன் பின் இரு அணியினரும் மாறி மாறிப் பேசுவர். ஒவ்வொருவருக்கும் 4 நிமிடம். ஆறு பேரும் பேசி முடித்தபின் வெட்டி அணி முதலிலும் ஒட்டி அணி இறுதியிலுமாக 2 நிமிடத் தொகுப்புரை வழங்கும். ஆக 28 நிமிடம். எஞ்சிய நேரத்தில் நடுவர் தீர்ப்பை விளக்குவார். மூன்றாம் நிமிட முடிவில் நேரக் காப்பாளர் ஒருமுறை மணி அடிப்பார், நான்காம் நிமிடத்தில் இருமுறை அடிப்பார். தொகுப்புரையில் புதிய வாதம் எதுவும் வரக்கூடாது, வந்தால் நடுவர் அதைக் கணக்கில் கொள்ளமாட்டார்.

தலைப்புகள்

முதல் தலைப்பை மட்டும் விரிவாக அலசியிருக்கிறோம். மற்றவற்றை அணியினர் இதே முறையில் தாமே அலச வேண்டும்.

*தலைப்பு 1: காலை உணவுத் திட்டத்தைப் பத்தாம் வகுப்பு வரை விரிவாக்க வேண்டும்.*

பின்னணி இது. 1920இல் நீதிக்கட்சி ஆட்சியிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் மதிய உணவு வழங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநில அளவில் பரவியது. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 ஆம் வகுப்பு வரை பயிலும் குழந்தைகளுக்கு வழங்கப்படுகிறது.

ஒட்டிப் பேசுவோர் 'பசி கொடியது' என்று நான்கு நிமிடம் உருகினால் விவாதம் நகராது, ஏனெனில் எதிரணியும் அதை மறுக்கப்போவதில்லை. ஐந்தாம் வகுப்பில் காலையுணவு உண்டு வந்த அதே பிள்ளைக்கு ஆறாம் வகுப்பில் அது நின்றுபோவதற்கு என்ன நியாயம் என்பதே அவர்கள் பற்றிக்கொள்ள வேண்டிய கேள்வி. தொலைவிலிருந்து பேருந்தில் வரும் உயர்நிலை மாணவர்கள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளைவிட முன்னதாகவே வீட்டிலிருந்து கிளம்புகிறார்கள் என்பதை நம் பள்ளி வாசலில் நின்றாலே பார்க்கலாம்.

வெட்டிப் பேசுவோர் பசியை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. அதே நிதியை எங்கே செலவிட்டால் கூடுதல் பயன் கிடைக்கும், சமையற்கூடமும் பணியாளரும் போதுமா, இருக்கும் மதிய உணவின் தரத்தை உயர்த்துவது முதலில் செய்ய வேண்டியதல்லவா என்று கேட்கலாம். 'எல்லோருக்கும்' என்பதற்கும் 'தேவைப்படுவோருக்கு' என்பதற்கும் இடையிலேயே இந்த விவாதத்தின் உண்மையான மோதல் நிகழும். யாருக்குத் தேவை என்று பிரித்து அடையாளம் காட்டினால் பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒதுங்குவார்களா என்ற கேள்விக்கு இரு அணிகளும் விடை வைத்திருக்க வேண்டும்.

*தலைப்பு 2: காவிரிப் படுகையில் நெல் பரப்பைக் குறைத்து, குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கு மாற வேண்டும்.* மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று குறுவைக்குத் திறக்கப்படுகிறது. நீர் குறைந்த ஆண்டுகளில் அந்தத் தேதி தள்ளிப்போகிறது. வீட்டில் நிலம் உள்ளவர்கள் பெற்றோரிடம் கேட்டு, ஒரு போகத்துச் செலவையும் வரவையும் எழுதி வர வேண்டும். நாளிதழ்ச் செய்தி தராத சான்று அந்தத் தாளில் இருக்கும். இரண்டாம் விவாதத்திற்கு இதையே வைத்திருக்கிறோம்.

*தலைப்பு 3: நெகிழியைக் குறைக்கத் தடையைவிட மலிவான மாற்றுப் பொருளே உதவும்.* தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. வாரச் சந்தையில் பத்துக் கடைகளைக் கவனித்து, எத்தனை கடைகளில் நெகிழிப் பை தருகிறார்கள் என்று எண்ணி வருக.

*தலைப்பு 4: வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும்.* இந்தியாவில் 21 ஆக இருந்த வயதை 18 ஆக்கிய 61ஆவது அரசமைப்புத் திருத்தம் 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரியா 2007இல் 16 ஆகக் குறைத்தது.

*தலைப்பு 5: பள்ளி வளாகத்தில் கைப்பேசியை முற்றிலும் தடை செய்ய வேண்டும்.* பிரான்சு 2018இல் இத்தகைய சட்டம் இயற்றியது. இத்தலைப்பில் எல்லோருக்கும் சொந்தக் கருத்து இருக்கும். அதனால்தான் அணிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கிறோம். தனக்கு உடன்பாடில்லாத பக்கத்தில் நின்று பேச வேண்டி வந்தால் தயங்க வேண்டாம்.

மறுப்புப் பயிற்சிகள்

நன்னூல் பாயிரம் ஏழுவகை மதங்களை, அதாவது நூலாசிரியர் கொள்ளும் கொள்கைகளை, சொல்கிறது. அவற்றுள் உடன்படல், மறுத்தல் என்னும் இரண்டையும் அடுத்து மூன்றாவதாக வருவது, 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. எதிரியின் கொள்கையை முதலில் ஏற்று எடுத்துக்கொண்டு, பிறகு அதை நீக்குவது என்பது இதன் பொருள். நூல் எழுதுவோருக்குச் சொன்ன இலக்கணம்தான் என்றாலும், பேச்சில் மறுப்பதற்கு இதைவிடச் சிறந்த வழிமுறையை நான் கண்டதில்லை.

*பயிற்சி 1, திருப்பிச் சொல்லல்.* இருவர் எதிரெதிரே அமர்க. ஒருவர் ஒரு நிமிடம் வாதிட வேண்டும். கேட்டவர் அதை 30 வினாடியில் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஆம், நான் சொன்னது இதுதான்" என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். சென்ற மாத முன்னோட்டத்தில், "தேவைப்படுவோருக்கு மட்டும் உணவு கொடுக்கலாம்" என்று ஒரு மாணவி சொன்னதை, "ஏழைக்குச் சோறு வேண்டாம் என்கிறார்" என்று எதிரில் இருந்தவர் திருப்பிச் சொன்னார். நான்கு முறை முயன்ற பின்னரே சரியாகச் சொன்னார். அந்த நான்காம் முறையில், தான் தயாரித்து வைத்திருந்த மறுப்பு பொருந்தாது என்று அவரே கண்டுகொண்டு தாளை மடித்து வைத்தார். இந்தப் பயிற்சியின் பலன் அங்கே தெரிந்தது.

*பயிற்சி 2, நான்கு படி.* எதிரணி சொன்னது, அது ஏன் பொருந்தவில்லை, அதற்குச் சான்று, அதனால் விவாதத்தில் மாறுவது என்ன என்ற வரிசையில் ஒரு நிமிட மறுப்பை அமைக்க வேண்டும். ஒரு மாதிரி:

"தடை இருந்தும் சந்தையில் நெகிழிப் பை கிடைக்கிறது, ஆகவே தடை தோற்றது என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். கிடைக்கிறது என்பதை நாங்கள் ஏற்கிறோம். ஆனால் தடைக்கு முன் எவ்வளவு கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. எங்கள் அணி எண்ணிப் பார்த்த பத்துக் கடைகளில் நான்கில் மட்டுமே நெகிழிப் பை தந்தார்கள், மூன்று கடைக்காரர்கள் தடை வந்த பிறகே துணிப்பைக்கு மாறியதாகச் சொன்னார்கள். ஆகவே, தடையை முழுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்பதற்கே அவருடைய சான்று உதவுகிறது. தடை வேண்டாம் என்பதற்கு அது உதவவில்லை."

நான்காம் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத மறுப்பு அந்தரத்தில் நிற்கும்.

*பயிற்சி 3, பிழை காணல்.* கீழுள்ள வாதங்களில் எங்கே சறுக்கல் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுக.

"மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது, 2019இல் சென்னையில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, ஆகவே மழைநீர் சேகரிப்பால் பயனில்லை." (முந்தைய ஆண்டுப் பருவமழை பொய்த்ததை இது மறைக்கிறது. சேகரிப்பு இல்லாதிருந்தால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்றும் கேட்கவில்லை.)

"ஆஸ்திரியாவில் 16 வயதில் வாக்களிக்கிறார்கள், ஆகவே இந்தியாவிலும் வேண்டும்." (ஒருவர் செய்தார் என்பது காரணமாகாது. அங்கே அது ஏன் பயன் தந்தது, அக்காரணம் இங்கும் உண்டா என்று காட்ட வேண்டும்.)

"கைப்பேசியைத் தடை செய்தால் பிள்ளைகள் உலகத்திலிருந்தே துண்டிக்கப்படுவார்கள்." (தடை பள்ளி வளாகத்திற்கு மட்டுமே உரியது. தலைப்பின் எல்லை மீறப்பட்டுள்ளது.)

*பயிற்சி 4, பக்கம் மாறல்.* விவாதத்தின் நடுவே ஆசிரியர் கை தட்டியதும் இரு அணியினரும் பக்கம் மாறி, தாம் சற்றுமுன் சொன்னதையே மறுக்க வேண்டும். பத்து நிமிடம் போதும்.

நடுவர் மதிப்பெண் தாள்

ஒவ்வொரு பேச்சாளருக்கும் 100: கருத்தும் சான்றும் 30, மறுப்பு 30, கட்டமைப்பு 15, மொழி 15, அவைப் பண்பும் நேரமும் 10. தொகுப்புரைக்கு அணிக்கு 25.

மறுப்புக்கு 24க்கு மேல் பெற, எதிரணியின் வலுவான வாதத்தையே எடுத்து, நேர்மையாகத் திருப்பிச் சொல்லி, நான்கு படியையும் முடித்திருக்க வேண்டும். 15 முதல் 24 வரை, மறுப்பு உண்டு, ஆனால் எளிய வாதங்களை மட்டுமே தொட்டது அல்லது விளைவைச் சொல்லவில்லை என்று பொருள். எதிரணி சொல்லாததை மறுத்தவருக்கு 14க்கு மேல் இல்லை. ஒட்டி அணியின் முதல் பேச்சாளருக்கு முன்னால் யாரும் பேசியிருக்கமாட்டார்கள். ஆகவே அவருக்கு மட்டும் இந்த 30 மதிப்பெண், தலைப்பை நியாயமாக வரையறுத்ததற்கும் வரக்கூடிய எதிர்வாதத்தை முன்கூட்டியே சந்தித்ததற்கும் உரியது.

தனிப்பட்ட தாக்கு, சாதி, ஊர், தோற்றம் பற்றிய கேலி ஆகியவற்றுக்கு அவைப் பண்பில் சுழியம். கைதட்டலுக்கு மதிப்பெண் கிடையாது.

காலை உணவுத் தலைப்பில் நடந்த முன்னோட்ட விவாதத்தின் தாள், நடுவர்கள் பார்த்துப் பழகுவதற்காக இங்கே தரப்படுகிறது.

| பேச்சாளர் | கருத்து | மறுப்பு | கட்டமைப்பு | மொழி | அவை | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| ஒட்டி 1 | 23 | 20 | 12 | 12 | 8 | 75 |
| ஒட்டி 2 | 21 | 24 | 10 | 11 | 7 | 73 |
| ஒட்டி 3 | 18 | 25 | 11 | 12 | 8 | 74 |
| ஒட்டி தொகுப்புரை | | | | | | 17 |
| வெட்டி 1 | 24 | 17 | 12 | 13 | 8 | 74 |
| வெட்டி 2 | 22 | 26 | 12 | 10 | 9 | 79 |
| வெட்டி 3 | 19 | 14 | 11 | 14 | 9 | 67 |
| வெட்டி தொகுப்புரை | | | | | | 21 |

ஒட்டி அணி 239, வெட்டி அணி 241. வெட்டி அணி வென்றது.

நடுவர் குறிப்பு: "வெட்டி அணியின் மூன்றாம் பேச்சாளரே அவையில் மிகச் சிறந்த தமிழ் பேசினார், ஆனால் எதிரணி 'இலவசம்' என்ற சொல்லையே பயன்படுத்தாதபோது இலவசங்களைக் கண்டித்து இரண்டு நிமிடம் செலவிட்டார். அதனால் அவர் அணி ஏறக்குறையத் தோற்றிருக்கும். ஒட்டி அணியின் தொகுப்புரையில் சமையற்கூடம் பற்றிய புதிய வாதம் வந்தது, அதை நான் கணக்கில் கொள்ளவில்லை. பிள்ளைகளைப் பிரித்து அடையாளம் காட்டுவது பற்றி ஒட்டி அணி எழுப்பிய கேள்விக்கு, வெட்டி அணியின் இரண்டாம் பேச்சாளர் நேரடியாக விடை சொன்னார். வெற்றியைத் தீர்மானித்தது அந்த ஒரு நிமிடம்."

இறுதிச் சுற்றிலும் நடுவர் இவ்வாறே காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு, விவாதம் முடிந்த அன்றே இரு அணிகளுக்கும் படித்துக் காட்ட வேண்டும். பேச்சாளர்கள் தத்தம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். நடுவர் விடையளிப்பார், மதிப்பெண்ணை மாற்றமாட்டார்.