2026 சிங்கப்பூர் லீவு கேலண்டர், நம்ம தமிழ்ல முழுசா

தம்பிகளா, ஆபீஸ் கதவுல ஒட்டியிருக்க 2026 கேலண்டர நேத்து நம்ம வெல்டிங் தம்பி போட்டோ எடுத்து குரூப்ல போட்டான்ல, அதுலேருந்து எல்லாரும் தனித்தனியா எனக்கு போன் போட்டு அண்ணே அந்த பச்சை கட்டம் லீவா, அந்த கோடு போட்ட கட்டம் சம்பளம் உண்டான்னு கேக்குறீங்க, அதான் மொத்தமா இங்கயே எழுதிடுறேன். போட்டோல மே ஜூன் மேல டியூப்லைட் வெளிச்சம் அடிச்சு ஒண்ணுமே தெரியல, கீழ வலது மூலை வேற மடிஞ்சிருக்கு, அதனால இன்னைக்கு டீ டைம்ல நானே நேர்ல போயி மூலைய நிமித்தி பாத்தேன், கையால எழுதியிருந்த சீன எழுத்த மட்டும் ஆபீஸ் ஆன்ட்டிகிட்ட கேட்டு வாங்கிட்டேன்.

மொதல்ல ஒண்ணு. கலர் போட்ட கட்டமெல்லாம் லீவு கெடையாது. சிவப்பு மட்டும்தான் கவர்மென்ட் லீவு, சம்பளத்தோட, மொத்தம் 11 நாள், இது கம்பெனி நெனச்சா குடுக்குறது இல்ல, சட்டம். பச்சை, கம்பெனி தானா குடுக்குறது, நாலுல ஒண்ண நாமதான் எடுத்துக்கணும். குறுக்கு கோடு போட்டது கம்பெனி பூட்டுற நாள், அது நம்ம ஆனுவல் லீவுலேருந்து கழியும், இத நல்லா கவனிங்க. சாம்பல் கலர் வெறும் தகவல், அன்னைக்கு வேலை உண்டு.

சிவப்பு கட்டம் இதுதான். ஜனவரி 1 வியாழன் புத்தாண்டு. பிப்ரவரி 17 செவ்வா, 18 புதன் சீனப் புத்தாண்டு, குதிரை வருஷம் பொறக்குது. மார்ச் 21 சனி நோன்புப் பெருநாள், சீனத்துல நோன்பு தொறக்குற நாள்னே எழுதியிருக்கு. ஏப்ரல் 3 வெள்ளி புனித வெள்ளி. மே 1 வெள்ளி தொழிலாளர் தினம். மே 27 புதன் ஹஜ்ஜுப் பெருநாள். மே 31 ஞாயிறு விசாக தினம், புத்தர் நாள். ஆகஸ்ட் 9 ஞாயிறு தேசிய தினம். நவம்பர் 8 ஞாயிறு தீபாவளி. டிசம்பர் 25 வெள்ளி கிறிஸ்மஸ்.

தீபாவளிக்கு சீனத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா, து யாவ் ஜியேன்னு, எழுத்துக்கு எழுத்து பாத்தா அரக்கனக் கொன்ன நாள். நம்ம நரகாசுரன் கதையத்தான் அப்படியே பேரா வச்சிருக்காங்க. யாரோ சின்னப் பையன் இது சீனப் பேய் பண்டிகை போலன்னு குரூப்ல போட்டிருந்தான், இல்லப்பா, அது நம்ம தீபாவளியேதான். இங்க வந்து இத்தனை வருஷத்துல எனக்கே ரொம்ப புடிச்ச பேரு அது.

இப்ப ஞாயித்துக்கிழமை விழுந்த மூணும். விசாகம், தேசிய தினம், தீபாவளி. அதுக்கு அடுத்த நாள் கட்டத்துல சின்னதா சிவப்புல ரெண்டு சீன எழுத்து இருக்குல்ல, பூ ஜியான்னு படிக்கணும், ஈடு லீவுன்னு அர்த்தம். ஆக ஜூன் 1 திங்கள், ஆகஸ்ட் 10 திங்கள், நவம்பர் 9 திங்கள் நமக்கு லீவு. டியூப்லைட் வெளிச்சத்துல மறைஞ்சது இந்த ஜூன் 1தான், அத பாக்காம ரெண்டு பேரு அன்னைக்கு வேலைன்னு நெனச்சிட்டிருந்தீங்க. ஆனா பி ஷிப்ட் ஆளுங்க கவனிங்க, உங்களுக்கு ரெஸ்ட் டே ஞாயிறு இல்ல, செவ்வா. கீழ ஒரு நட்சத்திரம் போட்டு அவங்கவங்க ரெஸ்ட் டேய பொறுத்துன்னு எழுதியிருக்கு, அப்ப உங்களுக்கு ஞாயிறே லீவு நாள், திங்கள் வழக்கமான வேலை. அன்னைக்கி ஞாயிறும் வேலைக்கு கூப்பிட்டு திங்களும் வேலைக்கு கூப்பிட்டா ஞாயித்துக்கு எக்ஸ்ட்ரா ஒரு நாள் சம்பளம் கேளுங்க.

மார்ச் 21 சனிக்கிழமை நமக்கு நேர லீவு, ஏன்னா ஒர்க்‌ஷாப்புக்கு வாரம் ஆறு நாள் வேலை. ஆபீஸ்காரங்களுக்கு சனி வேலையே கெடையாது, அவங்களுக்கு பதிலா வேற ஒரு நாளோ காசோ உண்டு, நட்சத்திரம் ரெண்டு போட்ட குறிப்பு அதுதான், நமக்கு அதுல வேலையில்ல.

கோடு போட்ட கட்டத்துக்கு வருவோம், இதுலதான் எனக்கு மனசு உறுத்துது. பிப்ரவரி 16 திங்கள் அரை நாள், மதியம் பன்னெண்டரைக்கு மிஷின் நிப்பாட்டுவாங்க, இது முதலாளி குடுக்குறது, சட்டத்துல கெடையாது. அப்பறம் 17, 18 சிவப்பு. அதுக்கப்பறம் 19 வியாழன், 20 வெள்ளி, 21 சனி, 23 திங்கள், இந்த நாலும் கோடு. அதாவது நம்ம ஆனுவல் லீவுல நாலு போகுது. போன வருஷம் வந்த பசங்களுக்கு மொத வருஷத்துக்கு சட்டப்படி 7 நாள்தான், அதுல நாலு போனா மிச்சம் மூணு. அப்பறம் வருஷ நடுவுல அக்கா கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன்னு ஊருக்கு போகணும்னா கையில நாள் இருக்காது. அதனால இப்பவே கணக்கு போட்டுக்கங்க. இந்த லீவ எப்படியும் கழிக்கப் போறாங்க, ஊருக்கு போறவன் இதுலயே போயிட்டு வந்துரு, 16 மதியத்துலேருந்து 23 ராத்திரி வரைக்கும் முழுசா ஏழு நாள் கெடைக்குது, திருச்சி டிக்கெட் இப்பவே பாருங்க, புத்தாண்டுக்கு கிட்ட போனா வெல எங்கயோ போயிடும்.

24 செவ்வா கட்டத்துல கையால எழுதியிருக்க நாலு எழுத்து, ச்சூ பா காய் கோங். எட்டாம் நாள் வேலை தொடக்கம்னு அர்த்தம், சீனப் புத்தாண்டுலேருந்து எட்டாவது நாள். காலைல சிங்க நடனம், பூஜை, முதலாளி எல்லாருக்கும் காசு வச்ச சிவப்பு கவரு, அதான் அங்பாவ், குடுப்பாரு. அன்னைக்கு எல்லாரும் இருக்கணும்னு ஆன்ட்டி ரெண்டு தடவ சொன்னாங்க. அங்பாவ ரெண்டு கையால வாங்குங்க, அங்கயே பிரிச்சு பாக்காதீங்க.

பச்சை கட்டம் நாலு. ஜனவரி 15 வியாழன் பொங்கல், ஏப்ரல் 14 செவ்வா தமிழ்ப் புத்தாண்டு, செப்டம்பர் 25 வெள்ளி நிலா கேக் சாப்பிடுற நடு இலையுதிர் பண்டிகை, டிசம்பர் 22 செவ்வா சீனக் குளிர்காலப் பண்டிகை, அன்னைக்கு அரிசி மாவு உருண்டைய இனிப்பு தண்ணில போட்டு குடும்பமா உக்காந்து சாப்புடுவாங்க. இதுல ஒண்ணு மட்டும் எடுக்கலாம், எடுக்கலன்னா போயிடும், காசா தரமாட்டாங்க, அடுத்த வருஷத்துக்கும் போகாது. கீழ எழுதியிருக்குறது பத்து நாளைக்கு முன்னாடி பேரு குடுக்கணும்னு, ஆக பொங்கல் வேணும்ங்கிறவன் ஜனவரி 5க்குள்ள எழுதிக் குடுக்கணும். எல்லாரும் பொங்கலயே எடுத்தா சூப்பர்வைசர் ஒத்துக்க மாட்டாரு, கிரேன்ல ரெண்டு பேராவது வேணும், அதனால பேசி பிரிச்சிக்கங்க, புதுசா கல்யாணமாகி தல பொங்கல்ல வீடியோ கால்லயாவது வீட்டோட இருக்கணும்ங்கிறவங்களுக்கு விட்டுக் குடுங்க, நான் ஏப்ரல் எடுத்துக்குறேன்.

தைப்பூசம் எங்கண்ணேன்னு கேட்டீங்க. கேலண்டர்ல சாம்பல்லதான் இருக்கு, பிப்ரவரி 1 ஞாயிறு. இங்க 1968 வரைக்கும் அது பொது லீவாவே இருந்தது, அப்பறம்தான் எடுத்தாங்க. இந்த வருஷம் ஞாயிறுலயே வர்றதுனால நமக்கு லீவு கேக்கவே வேணாம், சனி ராத்திரியே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்கு போயிட்டா அங்கேருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரைக்கும் காவடியோட நடக்கலாம், பால் குடம் எடுக்குறவங்க எனக்கு சொல்லுங்க சேந்து போவோம்.

சாம்பல்ல மத்தது ரெண்டு முக்கியம். பிப்ரவரி 19லேருந்து நோன்பு. நோன்பு இருக்குற நம்ம பசங்களுக்கு சாயங்காலம் நோன்பு தொறக்குற நேரத்துக்கு அரை மணி பிரேக்னு குறிப்பு இருக்கு, ஓட்டி, அதான் ஓவர்டைம், போடுறவங்க சூப்பர்வைசர்ட்ட காட்டி கேளுங்க, எழுத்துலயே இருக்கு. அந்த நேரத்துல மத்தவங்க அவங்க மிஷின பாத்துக்கங்க.

இன்னொண்ணு ஆகஸ்ட் 13லேருந்து செப்டம்பர் 10 வரைக்கும், ஏழாம் மாசம். பசிச்ச ஆவிங்க மாசம்னு சொல்வாங்க, சில பேரு அத கேட்டு சிரிச்சீங்க. சிரிக்காதீங்க, அவங்க முன்னோருக்கு படைக்குற மாசம் அது. ஆகஸ்ட் 12 நம்ம ஆடி அமாவாசை, நாம எள்ளும் தண்ணியும் விட்டு முடிச்ச மறுநாளே அவங்களுக்கு தொடங்குது. ஆகஸ்ட் 27 சாயங்காலம் கேட் பக்கத்துல கம்பெனி படையல், அன்னைக்கு ஓட்டி இல்லன்னு போட்டிருக்கு. படையல்ல இருக்குற ஆரஞ்ச தொடாதீங்க, எரிச்ச காகிதத்த மிதிக்காம சுத்திப் போங்க, போர்க்லிஃப்ட் ஓட்டுறவங்க அந்த மூலைல திருப்பாதீங்க.

ஏப்ரல் 3 கட்டத்துலேருந்து ஒரு அம்புக்குறி 6ஆம் தேதிக்கு போகுதுல்ல, அது என்னன்னு ஆன்ட்டிகிட்ட கேட்டேன், கப்பல் ஆர்டர் இருக்காம், புனித வெள்ளி அன்னைக்கு வேலை செஞ்சுட்டு திங்கள் லீவு எடுத்துக்கலாம்னு. இது நாம ஒத்துக்கிட்டாத்தான் செல்லும். சர்ச்சுக்கு போற பசங்க அன்னைக்கு போகணும்னா பேப்பர் வரும்போது கையெழுத்து போடாதீங்க, வேணாம்னு மரியாதையா சொல்லுங்க, அது உங்க உரிமை. நம்மள்ல வேற யாராச்சும் அவங்களுக்கு பதிலா நின்னா போதும்.

லீவு நாள்ல வேலைக்கு வரச் சொன்னா கணக்கு எப்படின்னா, மாசம் பேசிக் 800 சிங்கப்பூர் வெள்ளின்னு வச்சா, 12ஆல பெருக்கி 52 வாரம் ஆறு நாளுக்கு வகுத்தா 30.77 வெள்ளி. அந்த லீவு நாள் சம்பளம் மாச சம்பளத்துலயே இருக்கு, அதுக்கு மேல இந்த 30.77 எக்ஸ்ட்ரா வரணும், எட்டு மணி நேரத்த தாண்டினா ஓட்டி தனி. பேஸ்லிப்ல தனி வரியா இருக்கான்னு பாருங்க.

மடிஞ்ச மூலைல இருந்தது இதுதான், சிவப்பு மையில: லீவுக்கு முந்தின வேலை நாளோ அடுத்த வேலை நாளோ சொல்லாம வராம இருந்தா லீவு நாள் சம்பளமும் கட். இது சட்டத்துலயே இருக்கு. தீபாவளிக்கு நவம்பர் 7 சனியும் 10 செவ்வாயும் அந்த நாளுங்க, போன தடவை ஒருத்தன் தூங்கிட்டான்னு ரெண்டு நாள் சம்பளம் போச்சு. ஒடம்பு சரியில்லன்னா டாக்டர்கிட்ட எம்சி சர்டிபிகேட் வாங்கிட்டு அன்னைக்கே மெசேஜ் போடுங்க.

மே கடைசிய இன்னொரு தடவ பாருங்க, 27 புதன் லீவு, 28, 29, 30 மூணு நாள் ஆனுவல் லீவு கெடைச்சா 31, ஜூன் 1 சேத்து ஆறு நாள் தொடர்ச்சியா வருது. பிப்ரவரில நாலு கழிஞ்சாலும் மூணு மிச்சம் இருக்குற மொத வருஷ பசங்களுக்கும் இது முடியும். வேணும்ங்கிறவங்க பேர இன்னைக்கு ராத்திரிக்குள்ள இங்க போடுங்க, நாளைக்கு காலைல மொத்தமா ஃபார்ம் வாங்கி வர்றேன்.