துருவம் எங்கே, நிலைத்தன்மை எப்படி? பயிற்சித்தாள் (பட்டர்வொர்த், சனிக்கிழமை மாலை வகுப்பு)

தம்பி, தங்கைகளுக்கு,

பரீட்சைத்தாளில் கேள்வி ஆங்கிலத்தில்தான் வரும். யோசனை தமிழில் ஓடட்டும். நான்கு விடைகளைப் படிக்கும் முன்பே பகுதியை (கீழே இருப்பதை) பூஜ்ஜியமாக்கி, துருவங்களை s-தளத்தில் × போட்டுக் குறித்துவிடுங்கள். விடைகளை முதலில் பார்த்தால், கேள்வி எழுதியவர் விரித்த வலையில்தான் போய் விழுவீர்கள். கால்குலேட்டர் 3-ஆம் கேள்விக்கு மட்டும் போதும்.

1. G(s) = (s − 3) / [(s + 1)(s + 4)]. இந்த அமைப்பு
அ) s = 3 வலப்பக்கம் இருப்பதால் நிலையற்றது
ஆ) நிலையானது
இ) விளிம்பு நிலையில் உள்ளது
ஈ) உள்ளீடு தெரியாமல் சொல்ல முடியாது

விடை ஆ. துருவங்கள் −1, −4. வலப்பக்கம் இருப்பது சுழி. சுழி நிலைத்தன்மையைக் கெடுக்காது. ஆனால் வெளியீட்டின் போக்கை மாற்றும்: ஓரலகு படி கொடுத்தால் வெளியீடு முதலில் மேலே எழும்பி, பிறகு திரும்பி −0.75-இல் போய் நிற்கும்.

2. எது விளிம்பு நிலையில் உள்ளது?
அ) 1/(s² + 9)
ஆ) 1/[s²(s + 2)]
இ) 5/(s² + 2s + 5)
ஈ) 1/(s − 1)

விடை அ. ±j3-இல் ஒற்றைத் துருவங்கள்; அலைவு வளராது, தேயாது. ஆ-வில் பலர் சறுக்குவார்கள். ஆதிப்புள்ளியில் துருவம் இரட்டையாக இருப்பதால் கணத்தாக்குக்கான வெளியீடு நேரத்தோடு ஏறிக்கொண்டே போகும், அது நிலையற்றது.

3. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சிப் எடுத்து வைக்கும் கையின் மோட்டாருக்கு G(s) = K / [s(s + 2)(s + 4)] என்று மாதிரி எழுதியிருக்கிறோம். ஓரலகு எதிர்ப்பின்னூட்டம். மூடிய சுற்று நிலையாக இருக்க K?
அ) 0 < K < 8
ஆ) 0 < K < 48
இ) K > 48
ஈ) எல்லா நேர்ம K-வும்

சிறப்பியல்புச் சமன்பாடு s³ + 6s² + 8s + K = 0. ரூத் அட்டவணை:

```
s³ |  1            8
s² |  6            K
s¹ |  (48 − K)/6
s⁰ |  K
```

முதல் நெடுவரிசை முழுதும் நேர்மமாக இருக்க 0 < K < 48. விடை ஆ. இதோடு நிறுத்தாதீர்கள், K = 48 வைத்துப் பாருங்கள்: (s + 6)(s² + 8) = 0. துருவங்கள் −6, ±j2.83. அதாவது கை சுமார் 2.2 விநாடிக்கு ஒரு தடவை ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். வேகம் வேண்டும் என்று K-யை ஏற்றிக்கொண்டே போகும் பொறியாளர் நினைவில் வைக்க வேண்டிய எல்லை இதுதான்.

4. s⁴ + 2s³ + 3s² + 4s + 5 = 0. வலப்பக்கத்தில் எத்தனை துருவங்கள்?
அ) 0  ஆ) 1  இ) 2  ஈ) 4

கெழுக்கள் எல்லாம் நேர்மம் என்றதும் கை அ-வை நோக்கிப் போகும். கெழுக்கள் நேர்மமாக இருப்பது தேவையான நிபந்தனைதான். மூன்றாம் படியிலிருந்து அது மட்டும் போதாது. முதல் நெடுவரிசை 1, 2, 1, −6, 5. குறி இரண்டு முறை மாறுகிறது. விடை இ. மூலங்களைக் கண்டுபிடிக்காமலே இப்படி எண்ணிவிடும் வழியை ரூத் 1877-இலேயே கொடுத்துவிட்டார்.

5. G(s) = (s − 2) / [(s − 2)(s + 3)]. மேலும் கீழும் அடித்துவிட்டால் 1/(s + 3). இந்த அமைப்பைப் பற்றிச் சரியானது எது?
அ) எல்லா வகையிலும் நிலையானது
ஆ) வெளியே நிலையானதாகத் தெரியும், உள்ளே நிலையற்றது
இ) விளிம்பு நிலை
ஈ) துருவமே இல்லை

விடை ஆ. தாளில் அடித்தது கருவிக்குத் தெரியாது. உள்ளே e²ᵗ என்று வளரும் இயக்கம் அப்படியே இருக்கிறது. தொடக்கத்தில் 0.01 வோல்ட் சத்தம் அந்த இயக்கத்தில் ஒட்டிக்கொண்டால் 3 விநாடியில் அது 4 வோல்ட்டைத் தாண்டும். போதாக்குறைக்கு, நிஜப் பொருள்களில் சுழி சரியாக 2-இல் உட்காராது; 2.01-இல் இருந்தாலே வெளியீட்டிலும் அந்த வளர்ச்சி தலைகாட்டிவிடும். வலப்பக்கத் துருவத்தை அடித்துச் சரிசெய்ய முயலாதீர்கள். பின்னூட்டம் போட்டு இடப்பக்கம் நகர்த்துங்கள்.

வரும் சனிக்கிழமை 3-ஆம் கேள்வியை K/[s(s + 1)(s + 5)] வைத்துச் செய்து, அட்டவணையோடு கொண்டுவாருங்கள். விடையை மட்டும் எழுதி வந்தால் திருத்த மாட்டேன்.