சுற்றோட்டம் அலகுத் தேர்வு: திருத்திய பலவுள் தெரிக வினாக்கள்

10-ஆம் வகுப்பு, அறிவியல். 8 வினாக்கள், 8 மதிப்பெண்கள், 12 நிமிடங்கள்.

வகுப்பு ஆசிரியர்களுக்கு: முதல் வரைவில் இருந்த எட்டு வினாக்களையும் திருத்தியிருக்கிறோம். ஒவ்வொன்றிலும் பழைய வடிவம், திருத்திய வடிவம், மாற்றியதன் காரணம் என்ற வரிசையில் தந்துள்ளோம். மாணவர் கைக்குப் போகும் தாளில் திருத்திய வடிவம் மட்டும் இருக்கட்டும்.

வினா 1

பழையது: மனித இதயம் ____. அ) நான்கு அறைகள் கொண்டது ஆ) தசையால் ஆனது இ) மார்புக் கூட்டில் உள்ளது ஈ) இரத்தத்தை உந்தித் தள்ளுகிறது

திருத்தியது: உடலின் பல பாகங்களுக்கும் இரத்தத்தைக் கொண்டு செல்லும் பெருந்தமனி, இதயத்தின் எந்த அறையிலிருந்து தொடங்குகிறது?
அ) இடது ஆரிக்கிள்
ஆ) இடது வெண்ட்ரிக்கிள்
இ) வலது ஆரிக்கிள்
ஈ) வலது வெண்ட்ரிக்கிள்

பழைய வடிவில் நான்கும் உண்மை. விடைக்குறிப்பில் 'ஈ' என்று இருந்தது. 'அ' எழுதிய மாணவர் வந்து கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. கோளாறு வினாத்தண்டில்தான். 'மனித இதயம்' என்பதோடு நின்றுவிட்டதால் எதைக் கேட்கிறோம் என்பதே தெரியவில்லை. தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு வினாவை மட்டும் படித்துப் பாருங்கள். பாடம் தெரிந்தவருக்கு அப்போதே விடை தோன்ற வேண்டும்.

வினா 2

பழையது: தமனிகள் கடத்தும் இரத்தம் எது? அ) ஆக்சிஜன் மிகுந்தது ஆ) ஆக்சிஜன் குறைந்தது இ) இரண்டும் ஈ) எதுவுமில்லை

திருத்தியது: பின்வரும் தமனிகளில் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கடத்துவது எது?
அ) கரோனரி தமனி
ஆ) கல்லீரல் தமனி
இ) சிறுநீரகத் தமனி
ஈ) நுரையீரல் தமனி

பழைய விடைக்குறிப்பு 'அ'. நுரையீரல் தமனியை நினைவில் வைத்திருக்கும் மாணவர் 'இ' என்பார், அவர் சொல்வதே சரி. நன்றாகப் படித்தவர் மதிப்பெண் இழந்து, மேலோட்டமாகப் படித்தவர் பெறுகிற வினா இது. இத்தாளிலேயே மிகவும் கவலைப்பட வேண்டிய பிழை இதுதான். தமனி என்பது இதயத்திலிருந்து வெளியே செல்லும் குழாய். ஆக்சிஜன் அளவு அதன் இலக்கணம் அல்ல. விதிவிலக்கையே வினாவாக்கியதும் சர்ச்சைக்கு இடமில்லாமல் போனது. 'இரண்டும்', 'எதுவுமில்லை' ஆகியவற்றைத் தாள் முழுவதிலும் நீக்கிவிட்டோம்.

வினா 3

பழையது: பின்வருவனவற்றுள் முதிர்ந்த சிவப்பணுவில் இல்லாதது அல்லாதது எது?

திருத்தியது: முதிர்ந்த மனித இரத்தச் சிவப்பணுவில் இல்லாதது எது?
அ) உட்கரு
ஆ) செல் சவ்வு
இ) சைட்டோபிளாசம்
ஈ) ஹீமோகுளோபின்

இரண்டு எதிர்மறைகள் அடுத்தடுத்து வந்தால் உயிரியலை விட்டுவிட்டு வாசிப்புத் திறனைச் சோதிப்பதாகிவிடும். ஓர் எதிர்மறை தேவைப்படும்போது தடித்த எழுத்தில் அச்சிடுங்கள். பழைய தெரிவுகளில் மைட்டோகாண்ட்ரியாவும் இருந்தது. முதிர்ந்த சிவப்பணுவில் அதுவும் கிடையாது. வினாவை நேராக்கியதும் இரண்டு விடைகள் வந்துவிடும் என்பதால் எடுத்துவிட்டோம்.

வினா 4

பழையது: இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கும்? அ) 60–80 ஆ) 72 இ) 70–75 ஈ) 100-க்கு மேல்

திருத்தியது: ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 72 முறை சீராகத் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ எவ்வளவு?
அ) 0.4 விநாடி
ஆ) 0.8 விநாடி
இ) 1.0 விநாடி
ஈ) 1.2 விநாடி

72 என்ற எண் 70–75-க்குள்ளும் 60–80-க்குள்ளும் அடங்கும். எண் தெரிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. யாருடைய இதயம், ஓய்விலா ஓட்டத்திலா என்பதும் பழைய வினாவில் இல்லை. ஓடி வந்தவருக்கு 'ஈ' கூடச் சரி.

புதிய தவறான தெரிவுகள் மூன்றும் மாணவர் உண்மையில் செய்யக்கூடிய பிழைகளிலிருந்து எடுத்தவை. 60-ஐ 72-ஆல் வகுப்பதற்குப் பதில் 72-ஐ 60-ஆல் வகுத்தால் 1.2 வரும். 'லப்', 'டப்' இரண்டையும் தனித்தனித் துடிப்பாக எண்ணினால் 0.4 வரும். விநாடிக்கு ஒரு துடிப்பு என்று பொதுவாக நம்புபவர் 1.0 எடுப்பார். விடைத்தாளைப் பார்த்ததும் யாருக்கு எதை மறுபடி சொல்லித்தர வேண்டும் என்பது புலப்படும்.

வினா 5

பழையது: ஈரிதழ் வால்வின் பணி யாது? அ) திறத்தல் ஆ) மூடுதல் இ) இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது இரத்தம் இடது ஆரிக்கிளுக்குத் திரும்பாமல் தடுத்தல் ஈ) சுருங்குதல்

திருத்தியது: இடது வெண்ட்ரிக்கிள் சுருங்கும்போது, இரத்தம் இடது ஆரிக்கிளுக்குத் திரும்பாமல் தடுக்கும் வால்வு எது?
அ) ஈரிதழ் வால்வு
ஆ) நுரையீரல் அரைச்சந்திர வால்வு
இ) பெருந்தமனி அரைச்சந்திர வால்வு
ஈ) மூவிதழ் வால்வு

நீளமான தெரிவே விடை என்பதைப் படிக்காதவரும் ஊகித்துவிடுவார். நீண்ட பகுதியை வினாத்தண்டுக்கு ஏற்றியதும் நான்கு தெரிவுகளும் ஒரே இனமாகிவிட்டன.

வினா 6

பழையது: இரத்தம் உறைய உதவுபவை யாவை? அ) பிளாஸ்மா ஆ) ஹீமோகுளோபின் இ) இரத்தத் தட்டுகள் ஈ) நிணநீர்

திருத்தியது: இரத்தக் குழாய் கிழிந்த இடத்தில் ஒட்டித் திரண்டு, முதல் அடைப்பை உண்டாக்குபவை எவை?
அ) ஈசினோஃபில்கள்
ஆ) எரித்ரோசைட்டுகள்
இ) திராம்போசைட்டுகள்
ஈ) லிம்போசைட்டுகள்

'யாவை' என்று பன்மையில் கேட்டுவிட்டு, 'கள்' விகுதியை ஒரே தெரிவுக்குக் கொடுத்தால் விடையை இலக்கணமே காட்டிக்கொடுக்கும். தமிழ் வினாத்தாள்களில் இது அடிக்கடி கண்ணில் படாமல் நழுவுகிறது. மேலும் உறைதலுக்குத் தேவையான ஃபைப்ரினோஜன் பிளாஸ்மாவில்தான் இருக்கிறது. ஆகவே 'அ' எழுதியவரும் வாதாடலாம். 'இரத்தத் தட்டுகள்' என்ற பெயரைப் பிற மூன்றுக்கும் ஒத்த பெயராக மாற்றினோம். உங்கள் வகுப்பில் 'தட்டுகள்' என்று மட்டும் நடத்தியிருந்தால், தேர்வுக்கு முன் இரண்டு பெயர்களையும் சொல்லிவிடுங்கள்.

வினா 7

பழையது: அனைவருக்கும் இரத்தம் கொடுக்கக்கூடியவர் யார்? அ) ஏ ஆ) பி இ) ஓ ஈ) மேற்கண்ட அனைவரும்

திருத்தியது: ஏபிஓ வகைப்பாட்டை மட்டும் கருத்தில் கொண்டால், பி வகையினருக்குச் சிவப்பணுக்களை வழங்கக்கூடிய எல்லா வகைகளையும் காட்டும் பட்டியல் எது?
அ) பி மட்டும்
ஆ) பி, ஏபி
இ) பி, ஓ
ஈ) பி, ஏபி, ஓ

ஆர்எச் காரணியைச் சொல்லாமல் 'அனைவருக்கும்' என்று கேட்டால் 'ஓ' என்ற விடை பாதிதான் சரி: ஓ பாசிட்டிவ் இரத்தம் ஆர்எச் நெகட்டிவ் உள்ளவருக்கு ஒவ்வாது. அதனால்தான் வினாவிலேயே எல்லை வகுத்தோம். 'எல்லா' என்ற சொல்லைத் தட்டச்சில் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'அ'வும் தவறென்று சொல்ல முடியாது. கொடுப்பவரையும் பெறுபவரையும் மாற்றிக் குழப்பிக்கொள்பவர் 'ஆ'வில் விழுவார்.

வினா 8

பழையது: இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார்? அ) எடிசன் ஆ) நியூட்டன் இ) ஹார்வி ஈ) கலிலியோ

திருத்தியது: இரத்தம் உடல் முழுவதும் சுழன்று மீண்டும் இதயத்துக்கே வருகிறது என்று 1628-இல் வெளியிட்ட நூலில் சோதனைகளோடு விளக்கியவர் யார்?
அ) ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ்
ஆ) கார்ல் லேண்ட்ஸ்டெய்னர்
இ) மார்செல்லோ மால்பிகி
ஈ) வில்லியம் ஹார்வி

நுரையீரல் வழிச் சுற்றோட்டத்தை 13-ஆம் நூற்றாண்டிலேயே இப்னு அல்-நஃபீஸ் விவரித்திருக்கிறார். 'கண்டுபிடித்தவர்' என்ற ஒற்றைச் சொல் அதை மறைத்துவிடும். எடிசனையும் நியூட்டனையும் நிறுத்தினால் ஹார்வி தானாகத் தனித்துத் தெரிவார். இப்போது நால்வரும் உடற்கூறியல், இரத்த ஆய்வு சார்ந்தவர்கள்.

விடைக்குறிப்பு: 1-ஆ, 2-ஈ, 3-அ, 4-ஆ, 5-அ, 6-இ, 7-இ, 8-ஈ

பழைய தாளில் எட்டில் ஐந்து விடைகள் 'இ'. இப்போது பெயர்த் தெரிவுகள் அகர வரிசையிலும், எண்கள் ஏறுவரிசையிலும் உள்ளன. ஏழாம் வினா மட்டும் பட்டியலின் நீளத்தைப் பின்பற்றுகிறது. அச்சுக்கு முன் தெரிவுகளை இடம் மாற்றினால் விடைக்குறிப்பையும் அதே வேளையில் மாற்றுங்கள். அச்சுக்கு அனுப்புமுன், இந்த அலகை நடத்தாத ஓர் அறிவியல் ஆசிரியரிடம் விடைக்குறிப்பு இல்லாமல் தாளைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர் விடை எங்கே மாறுபடுகிறதோ, அந்த வினாவை எங்களுக்குத் திருப்பி அனுப்புங்கள்.