மூன்று நட்சத்திர விமர்சனம்: திருத்திய பிரதி

தம்பி, செயலியில் போட நீ எழுதிய உணவக விமர்சனத்தில், நீ கேட்டபடி காலம், அடைமொழி, நிறுத்தக்குறி ஆகிய மூன்றை மட்டும் பார்த்திருக்கிறேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவளிடம் கொடுத்துவிட்டாய், எனவே எதை எதற்காக மாற்றினேன் என்றும் கேட்டுத்தான் ஆக வேண்டும். முதலில் நீ அனுப்பியதை அப்படியே வைக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

நீ எழுதியது:

“போன சனிக்கிழமை இரவு குடும்பத்துடன் போனோம் ,உள்ளே இடம் பெரிய இருக்கிறது ஆனால் மேசைகள் சுத்தம் இல்லாத இருந்தது!!! உட்கார்ந்து இருபது நிமிடம் கழித்துத்தான் ஒருவர் வருகிறார் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம்? பத்து நிமிடம் என்று சொல்கிறார் ஆனால் நாற்பது நிமிடம் ஆனது..... முதலில் சூப் வந்தது ஆறிப்போகிறது. பிறகு வந்த சாதம் நல்ல இருந்தது, பருப்புக் குழம்பு சுவையாக குழம்பு, பொரியல் அதிகமான உப்பாக இருக்கிறது. குழந்தைக்குக் காரம் குறைவு வேண்டும் என்று சொல்வோம் அவர்கள் மறக்கிறார்கள். சிரித்த முகமான ஊழியர் ஒருவர் மட்டும் மெதுவான பேசி வேறு தட்டு கொண்டுவந்தார், அவருக்கு நன்றி!! சுத்தமான உணவகத்தின் கைகழுவும் இடம். பில் தவறாக இருந்தது சொன்ன உடனே திருத்துகிறார்கள். வண்டி நிறுத்த இடம் இருந்தது. வார இறுதியில் எப்போதும் கூட்டமாக இருந்தது முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். மறுபடி போவேனா???? யோசிக்க வேண்டியது, உணவு நல்ல ஆனால் கவனிப்பு மோசம். மூன்று நட்சத்திரம்”

செயலியில் இட வேண்டியது:

“ஒரு சனிக்கிழமை இரவு குடும்பத்துடன் போயிருந்தோம். இடம் பெரியது, வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது. ஆனால் நாங்கள் போனபோது மேசைகள் சுத்தமாக இல்லை.

உட்கார்ந்து இருபது நிமிடம் கழித்துத்தான் ஒருவர் வந்தார். உணவு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். ‘பத்து நிமிடம்’ என்றார். நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலில் வந்த சூப் ஆறிப்போயிருந்தது. பிறகு வந்த சாதம் நன்றாக இருந்தது. பருப்புக் குழம்பு சுவையாக இருந்தது. பொரியலில் உப்பு அதிகம்.

குழந்தைக்குக் காரம் குறைவாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தோம், மறந்துவிட்டார்கள். சிரித்த முகத்துடன் இருந்த ஊழியர் ஒருவர் மட்டும் பொறுமையாகப் பேசி, வேறு தட்டு கொண்டுவந்தார். அவருக்கு நன்றி.

கை கழுவும் இடம் சுத்தமாக இருந்தது. பில்லில் ஒரு தவறு இருந்தது. சொன்னவுடன் திருத்திக் கொடுத்தார்கள். வார இறுதியில் எப்போதும் இப்படித்தான் கூட்டம் இருக்கும் என்று அந்த ஊழியரே சொன்னார். போவதாக இருந்தால் முன்பே சொல்லிவிட்டுப் போங்கள்.

மறுபடி போவேனா? யோசிக்க வேண்டும். உணவு நன்றாக இருந்தது. அன்றைய கவனிப்பு மோசம். மூன்று நட்சத்திரம்.”

இனி காரணங்கள்.

காலத்தில்தான் உனக்கு அதிகம் கோளாறு. அதை இலக்கணப் பிழை என்பதைவிட நியாயப் பிழை என்பேன். நீ போனது ஓர் இரவு. ‘இருபது நிமிடம் கழித்துத்தான் ஒருவர் வருகிறார்’ என்று நிகழ்காலத்தில் எழுதினால், அங்கே யார் போனாலும் அப்படித்தான் என்று பொருள்படும். கதை சொல்லும்போது ‘அவன் வருகிறான், கதவைத் தட்டுகிறான்’ என்று நிகழ்காலத்தில் சொல்வது அழகு. விமர்சனத்தில் அதே நிகழ்காலம் அந்தக் கடையின் வழக்கத்தைச் சொல்வதாகிவிடும். ‘சொன்ன உடனே திருத்துகிறார்கள்’ என்பதைப் படித்துப் பார். பில்லைத் தினமும் தவறாகப் போட்டு, கேட்பவர்களுக்கு மட்டும் திருத்தித் தருகிற கடை என்று ஆகிறது. அவர்களைப் பாராட்ட நினைத்து எழுதிய வரி அது! ‘திருத்திக் கொடுத்தார்கள்’ என்றால் நடந்தது மட்டும் நிற்கிறது.

சூப் விஷயம் இதைவிட நுட்பமானது. ‘ஆறிப்போகிறது’ என்றால் மேசைக்கு வந்த பிறகு ஆறுகிறது. நீங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று உரிமையாளர் பதில் எழுதலாம். அவருக்கு அந்த வசதி செயலியில் உண்டு. ‘ஆறிப்போயிருந்தது’ என்றால் வரும்போதே ஆறியிருந்தது, குறை சமையலறையுடையது. காரம் குறைவாகக் கேட்டதும் அப்படித்தான். அவர்கள் மறந்ததற்கு முன்பே நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பது தெரிய ‘சொல்லியிருந்தோம்’ வேண்டும். ‘சொல்வோம்’ என்றால் நீங்கள் மாதாமாதம் போய்ச் சொல்லி வருகிறீர்கள் போல இருக்கிறது.

எல்லாவற்றையும் இறந்தகாலமாக்கி விட்டேன் என்று நினைக்காதே. வண்டி நிறுத்தும் இடத்தை நீ ‘இருந்தது’ என்று எழுதியிருந்தாய். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. உன் வண்டியோடு கிளம்பிப் போய்விடவில்லை. இடம் பெரியது என்பதும் அப்படியே. அந்தச் சொல்லில் காலம் காட்டும் உறுப்பே கிடையாது, அதனால் என்றைக்கும் பொருந்தும். ‘இல்லை’ என்ற சொல்லிலும் காலம் கிடையாது. ஆனால் அங்கே அது ஆபத்து. ‘மேசைகள் சுத்தமாக இல்லை’ என்று மொட்டையாக விட்டால் என்றைக்குமே சுத்தம் இல்லை என்றாகிவிடும் என்பதால் ‘நாங்கள் போனபோது’ என்று சேர்த்தேன்.

‘எப்போதும் கூட்டமாக இருந்தது’ என்ற வரியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துதான் உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு முறை போனவனுக்கு ‘எப்போதும்’ எப்படித் தெரியும்? ஊழியர் சொன்னார் என்றாய். அப்படியானால் அதைச் சொன்னவர் பெயரில்தான் எழுத வேண்டும். வழக்கமாக நடப்பதைத் தமிழில் ‘இருக்கும்’ என்றே சொல்வோம். வடிவம் எதிர்காலம், பொருள் வழக்கம்.

‘போன சனிக்கிழமை’யையும் எடுத்துவிட்டேன். ஓர் ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அது எந்தச் சனிக்கிழமை? ‘ஒரு சனிக்கிழமை’ போதும். வாரக்கடைசிக் கூட்டம் என்ற செய்தி அதிலேயே இருக்கிறது.

அடைமொழியில் உன் குழப்பம் ஒன்றே ஒன்றுதான், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது. ‘நல்ல’, ‘பெரிய’, ‘சுவையான’, ‘மெதுவான’ எல்லாம் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லைத் தேடும் சொற்கள். நல்ல சாதம், பெரிய இடம் என்றால் சரி. வினைக்கு முன்னால் ‘நன்றாக’, ‘சுவையாக’, ‘மெதுவாக’ என்று ‘ஆக’ வர வேண்டும். ‘சுவையாக குழம்பு’ என்று நீ எழுதியது இதன் தலைகீழ். ‘சுவையான குழம்பு’ என்றாவது ‘குழம்பு சுவையாக இருந்தது’ என்றாவது எழுது. பக்கத்து வாக்கியத்தோடு சேர்ந்து போவதால் இரண்டாவதை வைத்தேன். ‘அதிகமான உப்பாக’ என்பதில் இரண்டையும் ஒரே இடத்தில் திணித்திருந்தாய். உப்பு அதிகம், அவ்வளவுதான் செய்தி.

‘சிரித்த முகமான ஊழியர்’ என்றால் அவர் முழுவதும் முகமாகவே ஆகிவிட்டார் என்று பொருள். நல்ல மனிதர், அவரை அப்படிச் செய்ய வேண்டாம்.

‘மெதுவான பேசி’ என்பதை ‘மெதுவாகப் பேசி’ என்று மட்டும் மாற்றியிருந்தால் இலக்கணம் சரியாகியிருக்கும். ஆனால் தாமதத்தைப் பற்றி இவ்வளவு புலம்பிய விமர்சனத்தில் ‘மெதுவாக’ என்ற சொல்லைப் பாராட்டாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீ சொல்ல வந்தது பொறுமை.

அடைமொழி எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். ‘சுத்தமான உணவகத்தின் கைகழுவும் இடம்’ என்றால் சுத்தம் உணவகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று வரிக்கு முன் மேசையில் அழுக்கு என்றவன் இங்கே உணவகமே சுத்தம் என்கிறானே என்று படிப்பவர் நினைப்பார். அது வாக்கியமாகவும் முடியவில்லை. சுத்தத்தைக் கை கழுவும் இடத்துக்குப் பின்னால் கொண்டுபோனதும் இரண்டு தொல்லையும் தீர்ந்தன.

நிறுத்தக்குறிகளைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மூன்று ஆச்சரியக்குறி போட்டால் மேசை மூன்று மடங்கு அழுக்காகிவிடாது. எழுதியவர் கத்துகிறார் என்று மட்டும் தெரியும், கத்துகிறவரை யாரும் நம்புவதில்லை. ஐந்து புள்ளிகளும் வேண்டாம். பத்து நிமிடம் நாற்பது ஆனதை ஒரு முற்றுப்புள்ளி போட்டு அருகருகே வைத்தால் போதும், பெருமூச்சைப் படிப்பவரே விட்டுக்கொள்வார். ‘எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம்’ என்பது கேட்டதைச் சொல்லும் செய்தி, அதற்கு முற்றுப்புள்ளிதான். ‘மறுபடி போவேனா’ உண்மையான கேள்வி. நான்கில் ஒன்றை விட்டுவைத்தேன். காற்புள்ளிக்கு முன்னால் இடைவெளி கூடாது, பின்னால்தான்.

வாக்கியங்களைப் பிரித்தது குறிக்காக மட்டும் அல்ல. செயலியில் நீளமான விமர்சனத்தின் முதல் சில வரிகள்தான் திறந்தவுடன் தெரியும். மீதியைப் பார்க்க அழுத்த வேண்டும். உன் பழைய வடிவத்தில் அந்த வரிகளில் கூச்சல்தான் இருந்தது. அதனால்தான் வண்டி நிறுத்தும் இடத்தையும் மேலே கொண்டுவந்தேன். நிறையப் பேர் தேடுவது அதைத்தான்.

‘மோசம்’ என்பதை நான் தொடவில்லை. அது உன் தீர்ப்பு. ‘அன்றைய’ மட்டும் சேர்த்தேன். அது உனக்கு இதமாகத் தோன்றினால் எடுத்துவிடு, ஆனால் எடுத்தால் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிட்டு எடு. பொரியலையும் பருப்புக் குழம்பையும் தனித்தனி வாக்கியமாக வைத்ததும் உனக்குப் பிடிக்காமல் போகலாம். அங்கே காற்புள்ளி போட்டாலும் தவறில்லை.

பதிவிடும் முன் நீ இணைக்கப் போகும் படங்களை ஒரு முறை பார்த்துக்கொள். இரண்டாவது படத்தில் பக்கத்து மேசைப் பெண்மணியின் முகம் நன்றாகத் தெரிகிறது. அதை வெட்டிவிட்டுப் போடு.