மருந்தகச் சட்டம்: பயிற்சி வினாக்கள், விடை விளக்கத்துடன்

டி.பார்ம் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு. அடிப்படை: 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், அதன்கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகள். ஒவ்வொரு வினாவுக்கும் விடையைக் காகிதத்தில் எழுதிவிட்டு விளக்கத்துக்கு வாருங்கள். மனத்துக்குள் சொல்லிக்கொண்ட விடை எப்போதும் சரியாகவே இருந்துவிடும்!

1. எந்த மருந்து எந்த அட்டவணையில் வருகிறது?
மெட்ஃபார்மின், அசித்ரோமைசின், அல்பிரசோலம், கீட்டமின்.

விடை: முறையே ஜி, எச், எச்1, எக்ஸ். அசித்ரோமைசினை எச்1 என்று எழுதுகிறவர்கள் அதிகம். எல்லா ஆன்டிபயாட்டிக்கும் எச்1இல் இல்லை. மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் காசநோய் மருந்துகளும் அதில் உண்டு. டிரமடால், சோல்பிடெம் போன்றவையும் உண்டு. இந்த அட்டவணை 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

2. மருந்துச் சீட்டில் ஒரு குறிப்பிட்ட பிராண்டு அசித்ரோமைசின் எழுதப்பட்டிருக்கிறது. அது கடையில் இல்லை. அதே மருந்து, அதே அளவு, வேறு நிறுவனத் தயாரிப்பு இருக்கிறது, விலையும் குறைவு. நோயாளிக்குச் சம்மதம். கொடுக்கலாமா?
அ) நோயாளி சம்மதித்தால் கொடுக்கலாம்
ஆ) உட்பொருள் ஒன்றே என்பதால் கொடுக்கலாம்
இ) விலை குறைவானால் மட்டும் கொடுக்கலாம்
ஈ) கொடுக்கக் கூடாது

விடை: ஈ. விதி 65(11ஏ) தெளிவாகச் சொல்கிறது: எச் அல்லது எக்ஸ் அட்டவணை மருந்து உள்ள சீட்டுக்கு, அதே உட்பொருள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வேறு தயாரிப்பை மாற்றித் தரக் கூடாது. மருந்தியல் பாடத்தில் நன்றாகத் தேர்ந்த மாணவர்களே இங்கு அதிகம் தவறுகிறார்கள். உட்பொருள் ஒன்றுதானே என்ற அவர்கள் வாதம் அறிவியலில் நிற்கும், கேள்வித்தாளில் நிற்காது. மருத்துவரை அழைத்துப் பேசி, அவர் சீட்டைத் திருத்தித் தந்தால் வழி உண்டு.

3. கவுன்டருக்கு வந்த ஒரு சீட்டு இது:

மருத்துவர் பெயர், பதிவு எண், கையெழுத்து: உண்டு
நோயாளி: பெயர் மட்டும்
அல்பிரசோலம் 0.5 மி.கி., இரவு 1
தேதி: இல்லை

குறைகள் யாவை? சீட்டு திருத்தப்பட்டு வந்தபின் மருந்தாளுநர் என்ன பதிய வேண்டும்?

விடை: குறைகள் மூன்று. தேதி இல்லை, நோயாளியின் முகவரி இல்லை, மொத்தம் எத்தனை மாத்திரை என்பது இல்லை. 'இரவு 1' என்பது வேளை அளவைச் சொல்கிறதே தவிர, பத்து நாளுக்கா அறுபது நாளுக்கா என்று சொல்லவில்லை. தூக்க மாத்திரை விஷயத்தில் இது சின்ன விடுபடல் அன்று.

எச்1 என்பதால் தனிப் பதிவேடு வேண்டும்: மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, கொடுத்த அளவு. பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதி ஆகியவற்றைச் சீட்டில் மருத்துவர் கையெழுத்துக்கு மேல் குறிக்க வேண்டும். மருத்துவர் குறிப்பிட்டாலன்றி அதே சீட்டுக்கு இரண்டாம் முறை மருந்து கிடையாது.

4. எக்ஸ் அட்டவணை மருந்துக்கான சீட்டு எத்தனை படிகள்? எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? மருந்தை எங்கே வைப்பது?

விடை: இரண்டு படிகள், ஒன்றைக் கடை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்து இருக்கும் அலமாரி அல்லது இழுப்பறை அதற்கென்றே ஒதுக்கப்பட்டு, பூட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்றையும் இரண்டையும் மாற்றி எழுதுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

5. லேபிளின் இடது மேல் மூலையில் சிவப்பு நிற ஆர்எக்ஸ் குறி; கீழே சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. காலாவதி: ஆகஸ்ட் 2026. எந்த அட்டவணை? 2026 ஆகஸ்ட் 20 அன்று விற்கலாமா?

விடை: எச்1. எக்ஸ் என்றால் குறி 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்றிருக்கும். மாதமும் ஆண்டும் மட்டும் தரப்பட்டால் அம்மாதத்தின் கடைசி நாள் வரை என்று பொருள், ஆகவே விற்கலாம். ஆனால் முப்பது நாள் மருந்தை அன்று கொடுத்தால் நோயாளி செப்டம்பரிலும் அதையே விழுங்குவார். அதைச் சேர்த்து எழுதினால் நானாக இருந்தால் முழு மதிப்பெண்ணுக்கு யோசிக்க மாட்டேன்.

6. 'குளிர்ந்த இடம்', 'குளிர்பதன இடம்' வேறுபாடு என்ன? உறைபெட்டியை ஒட்டி வைத்ததில் உறைந்துபோன இன்சுலின் குப்பியை, உருகியபின் விற்கலாமா?

விடை: அட்டவணை 'பி'யின்படி முன்னது 10 முதல் 25 டிகிரி செல்சியஸ், பின்னது 8 டிகிரிக்கு மேற்படாதது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். உறைந்ததை விற்கக் கூடாது. உருகியபின் பார்வைக்குத் தெளிவாகத் தெரிந்தாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது. விற்பனைச் சரக்கிலிருந்து விலக்கி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதித் தனியே வைக்க வேண்டும்.