சமையலுக்கு ஆள் தேவை – நங்கநல்லூர்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். ஆஞ்சநேயர் கோயிலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சமையல் செய்ய ஒருவர் வேண்டும். அப்பா, அம்மா இருவருக்கு மட்டுமே சமையல். பெண்ணோ ஆணோ, யாராக இருந்தாலும் சரி.

காலை 6.30 முதல் 10 மணி வரை வேலை. ஞாயிறு விடுமுறை. காலைச் சிற்றுண்டி, மதியத்துக்குச் சாதம், குழம்பு அல்லது சாம்பார், ரசம், ஒரு பொரியலோ கூட்டோ. வாரம் இரண்டு முறை கிரைண்டரில் இட்லி மாவு அரைக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டுவலி, உரலைத் தூக்கிக் கழுவ முடியாது. இரவுக்குத் தோசை அவர்களே வார்த்துக்கொள்வார்கள், சட்னி மட்டும் அரைத்து வைத்துவிட்டால் போதும். பாத்திரம் தேய்க்கவும் வீடு பெருக்கவும் வேறொருவர் வருகிறார். அந்த வேலைகளை மெல்லச் சமையல்காரர் தலையில் கட்டும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

சைவச் சமையல்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, அம்மாவுக்கு ரத்த அழுத்தம். ஆகவே உப்பு பாதி, எண்ணெய் அளவாக, உருளைக்கிழங்கு எப்போதாவது. அப்பா சமையலறைக்கு வந்து, "இன்றைக்கு ஒரு நாள் வடை தட்டேன்" என்று கேட்பார். மறுத்துவிடத் தெரிந்தவராக இருந்தால் நல்லது! அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யோசனை சொல்வார். வெண்டைக்காய் வதங்கும்போது மூடி போட்டால் பொறுக்க மாட்டார். மற்றபடி கோபக்காரர் இல்லை.

சம்பளம் மாதம் 10,000 ரூபாய், ஒன்றாம் தேதியே கைக்கு வந்துவிடும். ஞாயிறு போக மாதம் இரண்டு நாள் விடுப்புக்குச் சம்பளம் பிடிக்க மாட்டோம். வர முடியாவிட்டால் முந்தைய நாள் இரவே ஒரு போன் செய்ய வேண்டும். ஆறு மாதம் முடித்தவருக்குத் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ். காலைச் சிற்றுண்டியும் காபியும் இங்கேயே, நாங்கள் குடிக்கும் அதே டம்ளரில். சாதி கேட்க மாட்டோம். பரிந்துரைப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டாம். தொகையைப் பொதுவில் எழுதுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். "நேரில் பேசிக்கொள்ளலாம்" என்று இழுத்தால் வருகிறவருக்கு ஒரு நாள் வேலை கெடும், அதனால்தான் எழுதிவிட்டேன்.

முதல் பத்து வேலை நாட்கள் வெள்ளோட்டம். நாளுக்கு 400 ரூபாய், அன்றன்றே கொடுத்துவிடுவோம். பிடிக்கவில்லை என்றால் இரு தரப்பும் காரணம் சொல்லாமலே விலகிக்கொள்ளலாம். அதன்பிறகு நிற்பதானாலும் நிறுத்துவதானாலும் பதினைந்து நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஆதார் அட்டையின் நகல் மட்டும் வாங்கிக்கொள்வோம், அசல் வேண்டாம்.

உங்கள் வீட்டில் வேலை செய்பவரை இழுக்கும் எண்ணம் சத்தியமாக இல்லை. அவருடைய தங்கையோ தெரிந்தவரோ இருந்தால் சொல்லுங்கள். பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் பக்கத்திலிருந்து வருவதானாலும் பரவாயில்லை. எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் மாலை ஆறு மணிக்கு மேல் நானே அழைத்துப் பேசுகிறேன். ஆள் கிடைத்ததும் இங்கேயே தெரிவித்துவிடுகிறேன்.